நாலு இடத்துக் கடன், ஒரே வருமானம்: வாரச்சுமையைக் கூட்டுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பல சிறுகடன் நிறுவனங்களில் ஒரே சமயத்தில் கடன் வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒவ்வொரு கடனின் தவணையும் மனப்பாடம். எந்தக் கிழமை யார் வருவார், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் "எல்லாம் சேர்த்து வாரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது. அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதும்தான் இந்தப் பக்கம். அந்த எண்ணை வாரச்சுமை என்று சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு குடும்பத்தின் கணக்கைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். அந்த அக்கா வீட்டில் தையல் வேலை செய்கிறார், கணவர் சுமை தூக்கும் கூலி வேலைக்குப் போகிறார். அவர்களை யாரும் அடையாளம் காணாதபடி எண்களை மாற்றியிருக்கிறேன். எந்தப் பணம் என்று எழுதவில்லை. எந்த நாட்டுப் பணமாக எடுத்துக்கொண்டாலும் கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

ஒண்ணு வாரக்கடன், ஒண்ணு மாசக்கடன், ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதையெல்லாம் எப்படி ஒண்ணாக் கூட்டுறது?

எல்லாவற்றையும் வாரத்துக்கு மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். கூலி, வியாபாரம், தையல் எல்லாம் வாரக்கணக்கில்தான் கைக்கு வருகிறது என்றால், செலவையும் அதே அளவுகோலில் வைத்தால்தான் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியும்.

அந்த அக்காவிடம் முதலில் கேட்டபோது "வாரம் 620 கட்டுறேன், மத்ததெல்லாம் மாசக் கடன்தான்" என்றார். லோன் கார்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நான்கு கார்டுகளும், தண்டல்காரர் கையெழுத்துப் போடும் ஒரு சின்ன அட்டையும் இருந்தன. முதல் கடன் வாரம் 620. இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,340. மூன்றாவது, மாதம் 2,600. நான்காவதை அவர் மாதக்கடன் என்றுதான் நினைத்திருந்தார். கார்டில் இருந்த தேதிகளை எண்ணிப் பார்த்தால் 28 நாளைக்கு ஒருமுறை 1,880. ஐந்தாவது தினக்கடன், ஒரு நாளைக்கு 100, வாரத்தில் ஆறு நாள் வசூல்.

மாற்றும் விதம் இப்படி:

```
வாரத் தவணை                             620
இரு வாரத் தவணை   1,340 ÷ 2           = 670
மாதத் தவணை       2,600 × 12 ÷ 52     = 600
28 நாள் தவணை     1,880 ÷ 4           = 470
தினத் தவணை       100 × 6             = 600
மொத்தம்                              2,960
```

மாதத் தவணையில்தான் கை தவறும். மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்து 4-ஆல் வகுத்தால் 650 வரும், அது கொஞ்சம் அதிகம். அதனால் பெரிய கெடுதல் இல்லை. எதிர்த் திசையில் போகும்போதுதான் ஆபத்து. புதுக்கடன் கொடுக்க வருகிறவர் "மாசத்துக்கு எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்பார். வாரம் 620 என்பதை நாலால் பெருக்கி 2,480 என்று சொல்லிவிடுவோம். உண்மையில் 620-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2,687 வருகிறது. ஒரு கடனில் 200 ரொம்பச் சின்னதாகத் தெரியும். மூன்று வாரக்கடன் இருந்தால் மாதத்துக்கு 600 காணாமல் போகிறது.

28 நாள் தவணையும் இதே மாதிரி ஏமாற்றும். அது மாதக்கடன் மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் வருடத்தில் 12 தடவை அல்ல, 13 தடவை வரும். கார்டில் அடுத்தடுத்த இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிவிடுங்கள். அதிகாரி வாயால் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

குழுக்கடன் மட்டும் கூட்டினாப் போதாதா? மத்ததையும் சேர்க்கணுமா?

குறிப்பிட்ட நாளில் கட்டாவிட்டால் யாராவது வந்து கேட்பார்கள் என்றால், அது வாரச்சுமையில் வரவேண்டும். தினக்கடன், நகை அடகுக்குக் கட்டும் வட்டி, தவணையில் வாங்கிய போனோ வண்டியோ, சீட்டுக்கான தவணை எல்லாம் உள்ளே வரும். சீட்டு சேமிப்புதானே என்பார்கள். சீட்டை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் அது கடன். எடுக்கவில்லை என்றால், நிறுத்த முடியுமா என்று பாருங்கள். நிறுத்த முடியாது என்றால் அதுவும் சுமைதான். தவணையோடு சேர்த்து வசூலிக்கும் கட்டாயச் சேமிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரில் கடன் என்று பார்க்காமல் வீடு முழுவதற்கும் கூட்டுங்கள். கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் மூன்று என்றாலும் கட்டுவது ஒரே அடுப்படிப் பணத்திலிருந்துதான். கணவன் தனியாக வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது, மனைவி வாங்கிய தினக்கடன் கணவனுக்குத் தெரியாது என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கணக்குப் போட உட்காரும் நாளில் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டாமல் இருப்பதாக முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஒரு கார்டு கடைசிவரை வெளியே வராது.

சராசரி 2,960 சரி. ஆனா சில வாரம் லேசா இருக்கு, சில வாரம் கழுத்தை நெரிக்குதே. ஏன்?

சராசரி உங்களுக்கு மொத்தச் சுமையைச் சொல்லும். எந்த வாரம் எவ்வளவு பணம் கையில் வேண்டும் என்று சொல்லாது. அதற்கு ஒரு காலண்டரை எடுத்து, அடுத்த 13 வாரத்துக்கு ஒவ்வொரு தவணையையும் அதன் தேதியில் எழுத வேண்டும். இதைச் செய்தபோதுதான் அந்த அக்காவின் கஷ்டம் எனக்கே புரிந்தது.

இரு வாரத் தவணையும் மற்றவையும் வராத வாரத்தில் அவர் கட்டுவது 620-ம் தினக்கடன் 600-ம் சேர்த்து 1,220 மட்டும். அப்பாடா என்று இருக்கும். தள்ளிப்போட்டுவந்த சில செலவுகளை அந்த வாரத்தில் செய்துவிடுவார். இரு வாரத் தவணையும் 28 நாள் தவணையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்ததால், நாலு வாரத்துக்கு ஒருமுறை இரண்டும் கண்டிப்பாகச் சேர்ந்தே வரும். அந்த வாரம் 4,440. அதே வாரத்தில் மாதத் தவணையும் விழுந்தால் 7,040.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதம் என்பது 30 அல்லது 31 நாள், அந்தக் கடனோ 28 நாள். இரண்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று நாள்தான் விலகும். அதனால் ஒருமுறை ஒரே வாரத்தில் மாட்டிக்கொண்டால் உடனே பிரியாது, இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து சேர்ந்தே வரும். அப்புறம் பல மாதம் சேராது. "போன வருஷம் நல்லாத்தான் கட்டினேன், இந்த மூணு மாசமா என்ன ஆச்சுன்னே தெரியல" என்று அவர் அழுதார். வீட்டில் எதுவும் மாறவில்லை, யாரும் வீண் செலவு செய்யவில்லை. தேதிகள்தான் ஒன்றுசேர்ந்திருந்தன. தேதிகள் அப்படி ஒன்றுசேர்ந்த முதல் வாரத்தைச் சமாளிக்கத்தான் தினக்கடன் வாங்கியிருக்கிறார்.

காலண்டரில் இப்படி ஒரு வாரம் கண்ணில் பட்டால் முன்கூட்டியே மாதக்கடன் நிறுவனத்தில் தவணைத் தேதியைப் பத்து நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தரமாட்டார்கள். சில இடங்களில் தருவார்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

எங்க வருமானத்துக்கு எவ்வளவு வரைக்கும் தாங்கும்?

நல்ல வாரத்தை வைத்துச் சொல்லாதீர்கள். கடந்த 13 வாரத்தில் உண்மையில் கைக்கு வந்ததை எழுதுங்கள். அந்தக் குடும்பத்துக்கு வேலை கிடைத்த வாரத்தில் இருவருக்கும் சேர்த்து 4,400, மந்தமான வாரத்தில் 2,600. பதின்மூன்றில் ஒன்பது வாரம் நல்ல வாரம், நான்கு மந்தம். மொத்தம் 50,000 வந்திருக்கிறது. சராசரி ஏறக்குறைய 3,850.

அடுத்து, கடன் தவிர்த்து உயிர்வாழ வேண்டிய செலவு: சாப்பாடு, வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, போக்குவரத்து, மருந்து. அவர்களுக்கு வாரம் 2,150. பதின்மூன்று வாரத்துக்கு 27,950. ஐம்பதாயிரத்தில் இதைக் கழித்தால் மீதி 22,050, அதாவது வாரத்துக்கு 1,696. இதுதான் அவர்களால் கடனுக்குக் கொடுக்க முடிந்த உச்சம். கட்ட வேண்டியதோ 2,960. பதின்மூன்று வாரத்தில் 38,480 கட்ட வேண்டும், இருப்பது 22,050. பள்ளம் 16,430.

உச்சத்தை முழுவதும் தவணைக்கே கொடுக்கக் கூடாது. ஒரு காய்ச்சல் வந்தால் போதும், எல்லாம் சரிந்துவிடும். உச்சத்தில் முக்கால் பங்குக்குள் வாரச்சுமை இருக்கட்டும் என்று நான் சொல்வேன். இந்தக் குடும்பத்துக்கு அது சுமார் 1,270. இது சட்டமோ விதியோ இல்லை. பல வீடுகளின் கணக்கைப் பார்த்து நான் வைத்துக்கொண்ட அளவு.

வருமானத்துல பாதி வரைக்கும் கட்டலாம்னு சொல்றாங்களே?

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி அது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத்தில் கட்டுவது, அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி நிறுவனம் புதிதாகக் கடன் கொடுக்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது நல்ல விஷயம். அதற்கு முன்பு, 2011-இல் வந்த விதி எத்தனை நிறுவனம் கொடுக்கலாம் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது: ஒருவருக்கு இரண்டு சிறுகடன் நிறுவனங்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று.

ஆனால் அந்தப் பாதி என்பது கொடுப்பவருக்கான வேலி. உங்களுக்குத் தாங்கும் அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கணக்கையே பாருங்கள். 3,850-இல் பாதி 1,925. ஆனால் அந்த வீட்டில் மிஞ்சுவதே 1,696தான். விதிக்கு உட்பட்டுக் கடன் வாங்கினாலும் வாரம் 230 பள்ளம் விழும். வருமானம் குறைவாக இருக்கிற வீட்டில் சாப்பாடும் வாடகையுமே பாதிக்கு மேல் தின்றுவிடும், அதனால் சதவீதம் ஒத்துவராது. வருமானம் அதிகம் இருக்கிற வீட்டுக்கு அதே பாதி தாராளமாக இருக்கலாம். ஆகவே மிச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் இதுவரை ஒரு டியூகூடத் தவறினதில்லை. அப்புறம் எப்படி எனக்குக் கடன் அதிகம்னு சொல்றீங்க?

அந்த அக்காவும் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. நான்கு கார்டிலும் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. நிறுவனங்களின் பதிவேட்டில் அவர் மிக நல்ல வாடிக்கையாளர். நான்காவது கடனிலிருந்து வந்த பணத்தின் பெரும்பகுதி முதல் மூன்று கடனின் தவணைகளுக்கே போயிருந்தது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கானா நாட்டின் அக்ராவில் சிறுகடன் வாங்கியவர்களைப் பற்றி ஆய்வு செய்த ஜெசிகா ஷிக்ஸ் இதை வேறு விதமாக அளந்தார். தவணை தவறியதா என்று பார்க்காமல், தவணையை நேரத்துக்குக் கட்டுவதற்காக ஒருவர் தாங்க முடியாத தியாகங்களைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தால் அவர் கடனில் மூழ்கியவர் என்று எடுத்துக்கொண்டார். இந்த அளவுகோல் எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. நான் கேட்கும் கேள்விகளும் அதையொட்டித்தான்: தவணை நாளுக்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தீர்களா? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்கு அனுப்பினீர்களா? தொழிலுக்கு வேண்டிய பொருளை விற்றுத் தவணை கட்டினீர்களா? ஒருமுறை நடந்தால் அது கெட்ட வாரம். மூன்று மாதமாக மாறிமாறி நடந்தால் கடன் அளவு மீறிவிட்டது, கார்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

இன்னும் எளிதான ஓர் அடையாளமும் உண்டு. கடைசியாக வாங்கிய கடன் கைக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதிக்கு மேல் பழைய தவணைகளுக்குப் போயிருந்தால், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

இத்தனை கடன் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் குடுக்குறாங்க?

பல நாடுகளில் கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் கொடுத்தவர்கள் அங்கே விவரம் அனுப்புவார்கள், புதிதாகக் கொடுப்பவர் அங்கே பார்த்துவிட்டுக் கொடுப்பார். ஆனால் விவரம் அன்றன்றைக்கே போய்ச்சேர்வதில்லை. அந்த இடைவெளியில் இரண்டு நிறுவனங்கள் அடுத்தடுத்த வாரத்தில் கொடுத்துவிடலாம், ஒன்றுக்கு இன்னொன்று தெரியாது. தண்டல், நகை அடகு, சீட்டு, சொந்தக்காரர் கடன் ஆகியவை பெரும்பாலும் அந்தப் பதிவேட்டில் வருவதே இல்லை. வருமானமும் நீங்கள் வாயால் சொன்னதுதான். சில இடங்களில் அதிகாரியே ஒரு நல்ல எண்ணை எழுதிக்கொள்கிறார், ஏனென்றால் எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்பதை வைத்துத்தான் அவருக்கு ஊக்கத்தொகை.

இது ஒரு தனி அதிகாரியின் தவறு என்று மட்டும் நான் நினைக்கவில்லை. போஸ்னியா, மொராக்கோ, நிகராகுவா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுகடன் நெருக்கடி வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 2010-இல் வந்தது. எல்லா இடத்திலும் நிறுவனங்கள் ஒரே பகுதிகளில் குவிந்து, ஒரே குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்து வேகமாக வளர்ந்திருந்தன. ஆந்திராவில் அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த பிறகு வசூல் அப்படியே நின்றுபோனது.

உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முடித்த கடன் இன்னும் திறந்தே இருக்கிறதா, நீங்கள் வாங்காத கடன் எதுவும் இருக்கிறதா என்று அதில் தெரியும்.

என் பேர்ல வாங்கி தங்கச்சிக்குக் குடுத்தேன். அவதான் கட்டுறா. அதையும் சேர்க்கணுமா?

சேருங்கள், முழுவதையும். நிறுவனத்துக்கும் குழுவுக்கும் உங்களைத்தான் தெரியும். தங்கை இரண்டு வாரம் தரவில்லை என்றால் சென்டர் மீட்டிங்கில் எழுந்து நிற்கப்போவது நீங்கள். அவர் தருவதை வருமானப் பக்கத்தில் எழுதலாம், ஆனால் உண்மையில் தந்த வாரங்களுக்கு மட்டும். பதின்மூன்று வாரத்தில் ஒன்பது வாரம் தந்தார் என்றால் ஒன்பது வாரத்தை எழுதுங்கள்.

எல்லாத்தையும் ஒரே பெரிய லோன் போட்டு முடிச்சிட்டா நல்லதுதானே?

கணக்கில் நல்லதாக வரலாம், நடப்பில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. அந்த அக்காவுக்கு அப்படி ஒரு கடன் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தோம். மாதக்கடனை விட்டுவிட்டு மற்ற நாலையும் அன்றைக்கே முடிக்க ஏறக்குறைய 43,900 வேண்டும். கட்டணமும் காப்பீடும் பிடித்த பிறகு அவ்வளவு கைக்கு வர 46,000 கடன் போட வேண்டும். ஆண்டுக்கு 24 சதவீதம், இரண்டு வருடம் என்றால் மாதம் சுமார் 2,430, வாரத்துக்கு 560. மாதக்கடனின் 600-ஐச் சேர்த்தால் வாரச்சுமை 1,160. தாங்கும்.

விலை என்ன? இரண்டு வருடத்தில் அவர் கட்டுவது 58,300-க்கு மேல். பழைய நாலு கடனையும் அதனதன் தவணையிலேயே கட்டி முடித்திருந்தால் 46,420. வாரச்சுமை குறைவதற்காக ஏறக்குறைய 11,900 கூடுதலாகக் கொடுக்கிறார். மூச்சு முட்டுகிற வீட்டுக்கு அது நியாயமான விலையாகவே இருக்கலாம்.

கெட்டுப்போகும் இடம், பணம் கைக்கு வந்த நாள். நாலையும் முடிக்க வந்த பணத்தில் இரண்டை முடித்துவிட்டு, மீதி வேறு அவசரத்துக்குப் போய்விடும். இப்போது பழையது இரண்டும் புதிய பெரியது ஒன்றும் இருக்கும். அல்லது நாலையும் ஒழுங்காக முடித்தாலும், முடித்த நிறுவனத்திலிருந்தே ஒரு மாதத்தில் "நல்லா கட்டினீங்க, இந்தத் தடவை இன்னும் பெரிசா தர்றோம்" என்று போன் வரும். அதனால் புதிய நிறுவனமே பழைய நிறுவனங்களுக்கு நேராகப் பணத்தைக் கட்டிவிடுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், பணம் வந்த அன்றே இன்னொருவரைக் கூட அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு இடத்திலும் கட்டி, கடன் முடிந்தது என்ற சான்றைக் கையில் வாங்குங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கடனை அதே நிறுவனத்தில் புதுப்பிக்கும் டாப்-அப் வேறு விஷயம். அதில் பழைய பாக்கியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். தவணை ஏறும். அது ஒருபோதும் வாரச்சுமையைக் குறைக்க வருவதல்ல.

புதுசா எதுவும் வாங்கலைன்னா, எதை முதல்ல முடிக்கிறது?

எந்தக் கடனை முடித்தால், கொடுக்கிற பணத்துக்கு அதிக வாரச்சுமை குறைகிறது என்று பாருங்கள். அந்த அக்காவுக்குத் தினக்கடனில் இன்னும் 36 நாள் பாக்கி, அதாவது 3,600. அதைக் கொடுத்தால் வாரம் 600 குறைகிறது. வாரக்கடனிலோ 31 தவணை பாக்கி. பதினேழாயிரத்துக்கு மேல் கொடுத்தால்தான் கிட்டத்தட்ட அதே 620 குறையும்.

தினக்கடன்தான் விலை அதிகமானதும்கூட. 10,000 என்று சொல்லி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்தார்கள், நூறு வசூல் நாளில் 10,000 திரும்ப. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம், நாலு மாதத்துக்குள் முடிந்தும் போகிறது. ஆண்டுக் கணக்கில் அது 65 சதவீதத்தைத் தாண்டும்.

அவர் செய்தது இதுதான். தினக்கடன் ஆறு வாரத்தில் தானாக முடிகிறது, திரும்பப் போடவில்லை. வாரச்சுமை 2,360 ஆகிறது. 28 நாள் கடனில் நாலு தவணை பாக்கி, பதினாறாவது வாரத்தில் முடிகிறது. சுமை 1,890. இரு வாரக் கடனில் 12 தவணை பாக்கி, இருபத்து நாலாவது வாரத்தில் முடிகிறது. சுமை 1,220. அந்தக் குடும்பத்துக்குத் தாங்கும் 1,270-க்குள் வந்துவிட்டது.

ஆனால் அந்த 24 வாரத்தையும் கடக்க வேண்டுமே. முதல் ஆறு வாரம் வாரத்துக்கு 1,264 பள்ளம், அடுத்த பத்து வாரம் 664, கடைசி எட்டு வாரம் 194. மொத்தம் 15,776. இந்த எண்ணைத் தாளில் எழுதியபோது அவர் முகம் தெளிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை கடன் என்றால் அவருக்கு அடி தெரியாத கிணறு. இப்போது அதற்கு ஓர் அளவு இருந்தது.

மாதக்கடன்தான் நீண்ட காலம் பாக்கி இருந்தது. அங்கே போய் ஆறு மாதத்துக்கு மட்டும் தவணையைப் பாதியாக்கி, காலத்தை நீட்டித் தரக் கேட்டார். வட்டி கூடும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். வாரத்துக்கு 300 மிச்சம், 24 வாரத்தில் 7,200. மீதி 8,576-க்கு, சும்மா கிடந்த பழைய தையல் மெஷினை விற்றார், 4,500 கிடைத்தது. ஒரு குழுவில் இருந்த சேமிப்பில் 4,200-ஐத் திருப்பி எடுத்தார். தைக்கிற மெஷினைத் தொடவில்லை. அதை விற்கச் சொல்லும் எந்த யோசனையையும் கேட்காதீர்கள்.

கட்ட முடியாதுன்னு முன்கூட்டியே சொன்னா அவமானமாயிடாதா? குழு என்ன நினைக்கும்?

அவமானமாகத்தான் இருக்கும், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் தவணை நாளில் பணமில்லாமல் நிற்பதும், மீட்டிங்குக்கே போகாமல் கதவைச் சாத்திக்கொள்வதும் அதைவிடப் பல மடங்கு. குழுப்பொறுப்பு இருக்கிற கடனில் உங்கள் பாக்கியை மற்றப் பெண்கள் போட வேண்டிவரும். அவர்களும் நாலு இடத்தில் கடன் வைத்திருப்பவர்கள்தான். உங்களுக்காகப் போட்ட 620 இன்னொருத்தியைத் தண்டல்காரரிடம் அனுப்பலாம்.

அதனால் இரண்டு வாரம் முன்பே, நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய்ப் பேசுங்கள். வசூலுக்கு வருகிறவரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவருக்கு அன்றைய வசூலை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். போகும்போது நாம் போட்ட தாளை எடுத்துப் போங்கள்: எல்லாக் கடனும், 13 வார வருமானமும், வீட்டுச் செலவும், மிச்சமும். "கஷ்டமா இருக்கு" என்று சொன்னால் எல்லாரும் சொல்வதுதான் என்று விட்டுவிடுவார்கள். "வாரம் 1,696தான் மிஞ்சுது, அஞ்சு பேருக்கும் சேர்த்து 2,960 கட்டணும், உங்க தவணையை ஆறு மாசத்துக்குப் பாதியாக்கினா இருபத்து நாலாவது வாரத்துல நான் வெளிய வந்துடுவேன்" என்று சொன்னால், அவர்கள் மேலே பேச ஓர் எண் கிடைக்கிறது. ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். கார்டில் பழைய தொகையை அடித்துப் புதிய தொகையை எழுதி, கிளை முத்திரை போட்டால்தான் அடுத்த வாரம் வருகிற வேறு வசூல்காரருக்கு அது தெரியும்.

ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்ததற்குப் போங்கள். அந்த அக்கா முதலில் போனது வாரக்கடன் நிறுவனத்துக்கு. முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதாகப் போன மாதக்கடன் நிறுவனத்தில்தான் காதுகொடுத்துக் கேட்டார்கள்.